ஆண்டுக் கொள்முதல் உறுதியின் பேரில் நூல் விலையில் தள்ளுபடி கோரும் கடிதம்

அனுப்புநர்:
நிர்வாகப் பங்குதாரர்,
பின்னலாடை உற்பத்திப் பிரிவு,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.

பெறுநர்:
விற்பனைப் பொது மேலாளர் அவர்கள்,
நூற்பாலை அலுவலகம்,
வேடசந்தூர், திண்டுக்கல் மாவட்டம்.

நாள்: 03.03.2025

பொருள்: 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் முடிய 120 டன் கோம்டு நூல் வாங்க உறுதியளித்து, கிலோவுக்கு 7 ரூபாய் தள்ளுபடி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் ஆலையின் 30-ஆம் நம்பர், 40-ஆம் நம்பர் கோம்டு ஓசைரி நூலை நாங்கள் ஆறு ஆண்டுகளாகத் தொடர்ந்து வாங்கி வருகிறோம். 2022–23 நிதியாண்டில் 58 டன்னும், 2023–24இல் 71 டன்னும் எடுத்தோம். இந்த நிதியாண்டில் பிப்ரவரி முடிய 79 டன் எடுத்துள்ளோம். இந்தக் காலத்தில் எங்கள் காசோலை ஒருமுறை கூடத் திரும்பியதில்லை என்பது தங்கள் கணக்குப் பிரிவுக்கே தெரியும்.

இதுவரை நாங்கள் வாங்கிய முறை மாதாமாதம் தேவைக்கேற்ப ஆர்டர் போடுவதுதான். ஒன்றாம் தேதி தாங்கள் விலை அறிவித்ததும், கையிருப்பையும் ஏற்றுமதி ஆர்டரையும் பார்த்து, ஒன்றரை டன், இரண்டு டன் என்று மூன்று நான்கு தவணையாகச் சொல்லியனுப்புவோம். விலை இறங்கும் என்ற பேச்சு சந்தையில் அடிபட்டால் ஆர்டரைத் தள்ளிப்போட்டதும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. வரும் நிதியாண்டில் இந்த முறையை விட்டு, ஆண்டு முழுமைக்கும் ஓர் அளவை முன்கூட்டியே உறுதிசெய்து எழுதித் தரவும், அதற்கு ஈடாகத் தங்களிடம் விலைச் சலுகை கேட்கவும் தீர்மானித்துள்ளோம்.

நாங்கள் உறுதியளிக்கும் அளவு 120 டன். இதில் 90 டன் 30-ஆம் நம்பர், 30 டன் 40-ஆம் நம்பர். ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 8 டன், ஜூலை முதல் செப்டம்பர் வரை மாதம் 10 டன், கோடைக்கால ஆடைகளுக்கான ஏற்றுமதி வேலை உச்சத்தில் இருக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதம் 12 டன், பிப்ரவரி, மார்ச்சில் மாதம் 9 டன் என்று பிரித்திருக்கிறோம். எந்த மாதத்திலும் 8 டன்னுக்குக் கீழே இறங்க மாட்டோம். ஒவ்வொரு மாதத்துக்குமான நம்பர் வாரியான தேவையை முந்தைய மாதம் 20ஆம் தேதிக்குள் எழுத்தில் தந்துவிடுவோம்.

இது எங்கள் சக்திக்கு மீறிய எண்ணிக்கையாகத் தங்களுக்குத் தோன்றலாம். ஆனால், ஆண்டுக்குச் சுமார் 30 டன் நூலை நாங்கள் வேறு இரண்டு ஆலைகளிலிருந்தும் வாங்கி வருகிறோம். ஏப்ரல் முதல் அதையும் தங்களிடமே எடுக்கப்போகிறோம். மேலும், இதுவரை வெளியே கூலிக்குக் கொடுத்து வந்த நிட்டிங் வேலைக்காக, கடந்த ஜனவரியில் எங்கள் வளாகத்திலேயே நான்கு வட்டப் பின்னல் எந்திரங்களை நிறுவியுள்ளோம். எந்திரம் ஓடாமல் நின்றால் நட்டம் எங்களுக்குத்தான் என்பதால், நூலைத் தள்ளிப்போடும் பழைய வழக்கம் இனி எங்களுக்கே கட்டுப்படியாகாது.

இதற்கு ஈடாக நாங்கள் கேட்பது, தாங்கள் ஒவ்வொரு மாதமும் திருப்பூர் வாடிக்கையாளர் அனைவருக்கும் பொதுவாக அறிவிக்கும் விலையிலிருந்து, இரு நம்பர்களுக்கும் கிலோவுக்கு 7 ரூபாய் குறைவு. பஞ்சு விலை ஏறி இறங்கும்போது ஆண்டு முழுதும் ஒரே விலையைக் கேட்பது முறையாகாது என்பதால் நிலையான விலை கேட்கவில்லை. ஏற்றமும் இறக்கமும் எங்களுக்கும் பொருந்தட்டும். தள்ளுபடியை மட்டும் நிலையாக வைத்துக்கொள்ளலாம். 30-ஆம் நம்பருக்கு இம்மாதம் எங்கள் பில்லில் உள்ள 260 ரூபாயை வைத்துப் பார்த்தால் இது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவே.

இந்த 7 ரூபாயும் தங்கள் லாபத்திலிருந்தே போக வேண்டியதில்லை. இப்போதுள்ள 30 நாள் கடனை நாங்கள் 15 நாளாகக் குறைத்துக்கொள்கிறோம். மாதம் 10 டன்னுக்கு 26 லட்சம் ரூபாய் பதினைந்து நாள் முன்னதாக வந்தால், ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டி என்று வைத்தாலும் கிலோவுக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல் தங்களுக்கு மிச்சம். நான்கு சிறு லோடுகளுக்குப் பதில் மாதம் இரண்டே லோடுகளாக எடுத்துக்கொள்வதால் லாரி வாடகையும் குறையும். இவற்றைவிடப் பெரியது, எந்த நம்பரை எவ்வளவு ஓட்ட வேண்டும் என்பது ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடுவதால், நம்பர் மாற்றத்துக்காக நூற்பு எந்திரங்களை நிறுத்தும் நேரமும், விற்காத மூட்டைகள் குடோனில் தேங்குவதும் குறையும் என்பதே. அதன் மதிப்பைக் கணக்கிட எங்களைவிடத் தாங்களே தகுதியானவர்கள்.

பெரிய லோடுகளால் எங்களுக்கும் ஒரு நன்மை உண்டு. கடந்த ஆகஸ்டில் அடுத்தடுத்து வந்த இரு சிறு லோடுகளின் கோன்கள், கூலிக்குக் கொடுத்த இடத்தில் ஒரே எந்திரத்தில் கலந்து ஏறிவிட்டன. கோரா துணியில் எதுவும் தெரியவில்லை. நேவி நீலத்தில் சாயம் ஏற்றி வந்த பிறகுதான் விரலளவு இடைவெளியில் வரிவரியாகத் தெரிந்தது. 340 கிலோ துணியைச் செகண்ட்ஸ் விலைக்குத் தள்ளினோம். லாட் எண்ணைப் பார்க்காமல் அனுப்பியது எங்கள் ஆட்களின் பிழை. தங்கள் மீது குறையில்லை. ஆயினும் ஒரு லோடு முழுவதும் ஒரே லாட்டாக வருமானால் இந்த இடருக்கே இடமிராது. ஆகவே ஒப்பந்தத்தில் அதையும் சேர்க்க வேண்டுகிறோம்.

உறுதியளித்த அளவை எடுக்கத் தவறினால் என்ன என்பதற்கும் விடை சொல்லிவிடுகிறோம். ஆண்டு முடிவில் 114 டன்னுக்குக் குறையாமல் எடுத்திருந்தால் உறுதி நிறைவேறியதாகக் கொள்ளலாம். அதற்கும் கீழே போனால், அதுவரை பெற்ற தள்ளுபடியில் கிலோவுக்கு 4 ரூபாய் வீதம் முழு அளவுக்கும் திருப்பித் தருகிறோம். அதேபோல், தங்கள் பக்கம் சப்ளை தவறிய அளவும், தரக் குறைபாட்டால் திரும்பிய அளவும் நாங்கள் எடுத்ததாகவே கணக்கில் சேர வேண்டும்.

மாதாமாதம் பில்லிலேயே 7 ரூபாயைக் குறைப்பது தங்களுக்கு இயலாதென்றால், மாற்று வழியாக, பில்லில் 4 ரூபாய் குறைத்து, மீதி 3 ரூபாயை ஆண்டு முடிவில் கிரெடிட் நோட்டாகத் தரலாம். அப்படியானால், 114 டன் எட்டாத ஆண்டில் கிரெடிட் நோட்டும் வராது, நாங்கள் திருப்பித் தருவதும் இராது. ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, சப்ளைக்குப் பின் தரும் தள்ளுபடியை வரி மதிப்பிலிருந்து கழிக்க வேண்டுமானால், அது சப்ளைக்கு முன்போ சப்ளையின் போதோ ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இடம்பெற்றும், குறிப்பிட்ட பில்களோடு தொடர்புபட்டும் இருக்க வேண்டும். அதற்குரிய உள்ளீட்டு வரியை நாங்களும் திருப்ப வேண்டும். எனவே எந்த வழியைத் தேர்ந்தாலும் ஏப்ரல் முதல் லோடு கிளம்பும் முன் கையெழுத்தாகிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

வேறோர் ஆலை 4 ரூபாய் குறைத்துத் தர முன்வந்துள்ளது. இதை அழுத்தம் தருவதற்காகச் சொல்லவில்லை. தங்கள் நூலில் எங்கள் எந்திரங்கள் அறுபடாமல் ஓடுகின்றன என்பதால்தான் முதலில் தங்களிடம் வருகிறோம். ஆனால் இன்றைய நிலையே தொடர்ந்தால், கூடுதல் 30 டன்னைத் தங்களிடம் மாற்றுவதற்கு எங்களுக்குக் காரணமில்லை என்பதையும் மரியாதையோடு தெரிவிக்கிறோம்.

மூன்றாண்டுக் கொள்முதல் விவரத்தையும் மாதவாரி அட்டவணையையும் இணைத்துள்ளோம். மார்ச் 15ஆம் தேதிக்குள் தங்கள் கருத்தைத் தெரிவித்தால், அடுத்த வாரமே ஆலைக்கு நேரில் வந்து ஒப்பந்த வாசகத்தைப் பேசி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிர்வாகப் பங்குதாரர்