வாராந்தரப் பேச்சுக் கூட்டம்: தொடக்க வரவேற்புரை

எல்லாருக்கும் மாலை வணக்கம். கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறதா? சரி, மணி ஆறரை ஆகிவிட்டது, தொடங்கிவிடலாம். ரெண்டு பேர் வந்துகொண்டே இருப்பதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள், வரட்டும், ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிற உங்களைக் காக்கவைப்பது நியாயமில்லை. கைபேசியை ஒருமுறை எடுத்துப் பார்த்துச் சத்தத்தை அணைத்துவிடுங்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது வெளியே போகவேண்டி வந்தால், அவர் முடித்துக் கைதட்டல் ஓயும் வரை பொறுத்துப் போங்கள்.

இன்றைக்கு நாலு விருந்தினர்கள் வந்திருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். வாசலில் இருந்த பதிவேட்டில் பெயர் எழுதாமல் யாராவது உள்ளே வந்திருந்தால் இடைவேளையில் எழுதிவிடுங்கள். உங்களை மேடைக்கு இழுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கூட்டம் முடியும்போது, எப்படி இருந்தது என்று மட்டும் கேட்போம், விருப்பம் இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ரெண்டு வார்த்தை சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு வணக்கம் போதும்.

இங்கே நடப்பது உங்களுக்குக் கொஞ்சம் புதிதாகத் தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் தயாரித்து வந்த பேச்சுகள், அப்புறம் டேபிள் டாபிக்ஸ், அதாவது மேடைக்கு வந்த பிறகுதான் தலைப்பே தெரியும், ஒன்றிலிருந்து ரெண்டு நிமிஷத்துக்குள் பேசவேண்டும். கடைசியாக மதிப்பீடு. இடது பக்கம் வண்ண அட்டைகளோடு இருப்பவர் நேரக் காப்பாளர். வழக்கமான பேச்சு 5 முதல் 7 நிமிஷம், 5-இல் பச்சை, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு. சிவப்பைப் பார்த்ததும் பேச்சை நடுவில் அறுக்க வேண்டியதில்லை, இன்னும் 30 வினாடி இருக்கிறது, முடிவுரையைச் சொல்லி முடிக்கலாம். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் நாம் எத்தனை 'ம்...', எத்தனை 'வந்து', எத்தனை 'ஆக்சுவலா' போடுகிறோம் என்று குறித்துக்கொண்டே இருப்பார். அந்தப் பட்டியல் யாரையும் சங்கடப்படுத்த அல்ல. நம் வாயிலிருந்து என்ன வருகிறது என்பது நமக்கே தெரியாது, வேறொருவர் காதுதான் அதைப் பிடிக்கும்.

இந்த முறையெல்லாம் நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில், ஒரு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கத்திலிருந்து வந்த பழக்கம். கற்றுக்கொடுக்க ஆசிரியர் என்று தனியாக யாரும் இல்லை, உறுப்பினர்களே மாறி மாறிப் பேசி, ஒருவரை ஒருவர் மதிப்பிட்டுக் கற்றுக்கொள்வதுதான் அடிப்படை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அதுதான், போன வாரம் மேடையில் நின்றவர் இந்த வாரம் அட்டை தூக்குவார்.

இன்றைக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. நம்மில் ஒருவர் முதல் முறையாக ஐஸ் பிரேக்கர் பேசப்போகிறார், தன்னைப் பற்றி 4 முதல் 6 நிமிஷம். அவருக்கு நம்மால் செய்யக்கூடிய உதவி ஒன்றே ஒன்று, நன்றாகக் கேட்பது. குனிந்து நிகழ்ச்சி நிரலைப் படிக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் காதில் எதுவும் சொல்லாதீர்கள். பேசுகிறவர் கண் சுற்றி வரும்போது தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு முகம் கிடைத்தால், விட்ட வார்த்தை தானாக வந்துவிடும். நடுவில் அவர் நின்றுபோனால் யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம், காத்திருங்கள். அந்த நாலைந்து வினாடி அவருடையது, அவரே கடந்து வருவார்.

மதிப்பீட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு 2 முதல் 3 நிமிஷம்தான். 'நன்றாக இருந்தது' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடாதீர்கள், எந்த இடம் நன்றாக இருந்தது, ஏன் என்று சொல்லுங்கள். திருத்தவேண்டியது பத்து இருந்தாலும் அடுத்த பேச்சுக்குள் சரிசெய்யக்கூடிய ஒன்றை, மிஞ்சிப்போனால் ரெண்டை, எடுத்துச் சொல்லுங்கள். பேச்சைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம்.

அப்புறம், மேடை எப்போதும் ஆளில்லாமல் இருக்கக்கூடாது, அடுத்தவர் வந்து கை குலுக்கும் வரை இருப்பவர் நகரமாட்டார். பேச்சாளர்களை அறிமுகப்படுத்துவது இன்றைய தொகுப்பாளரின் வேலை. இந்த வாரம் முழுக்க ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசி, அவர்களுடைய குறிப்புகளை வாங்கித் தயாராக வந்திருக்கிறார். வாங்க அக்கா, மேடை உங்களுடையது. எல்லாரும் பலமாகக் கைதட்டி வரவேற்போம், அவர் இங்கே வந்து என் கையைப் பிடிக்கும் வரை நிறுத்தாதீர்கள்!