கீசர் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது: சனிக்கிழமை வரும்போது கொண்டுவர வேண்டிய சாமான்கள்

வணக்கம் அண்ணா. அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்தெரு, மூன்றாவது மாடியிலிருந்து மீனாட்சி எழுதுகிறேன். போன தீபாவளிக்கு முன்பு ஹாலில் ஃபேன் மாட்டிக் கொடுத்தீர்கள். சனிக்கிழமை காலை வருவதாக நேற்று போனில் சொன்னீர்கள். வந்து பார்த்துவிட்டுச் சாமான் வாங்க மறுபடி போக வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். சென்ற முறை வேறொருவர் இதே குளியலறை வேலைக்கு மூன்று தடவை வந்துபோனார். நான் இரண்டு நாள் அரை விடுப்பு எடுத்தேன். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. இந்தக் குளிரில் அடுப்பில் வெந்நீர் வைத்துத் தூக்கிக்கொண்டு போவது எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

கோளாறு இதுதான். கீசர் போட்டு நாலைந்து நிமிடத்தில் வீடு முழுவதும் கரண்ட் போய்விடுகிறது. பெட்டியைத் திறந்து பார்த்தால் விழுந்திருப்பது ஆர்.சி.சி.பி. மட்டும். கீசருக்கான 20 ஆம்பியர் எம்.சி.பி. ஒருமுறைகூட விழவில்லை, மேலேதான் நிற்கிறது. ஆர்.சி.சி.பி.யில் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சரியாக விழுகிறது. பக்கத்து வீடுகளில் கரண்ட் இருக்கிறது, ஆகவே வெளியிலிருந்து வரும் லைனில் பிரச்சினை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பொறுமையாகச் சோதித்துப் பார்த்தேன். மற்ற எம்.சி.பி.க்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு கீசரை மட்டும் ஓட்டினேன்; அப்போதும் விழுந்தது. பிறகு கீசர் சுவிட்சை அணைத்து, பிளக்கைச் சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு, ஹாலில் அயர்ன் பாக்ஸ் போட்டேன். கீசர் அணைந்திருந்தும் விழுந்தது. பிளக்கை உருவிவிட்டு அதே அயர்ன் பாக்ஸைப் போட்டால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து பிளக்கை உருவியே வைத்திருக்கிறோம். மூன்று நாளாக ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் ஓடியும் ஒருதடவைகூட விழவில்லை. சுவிட்ச் பேஸ் லைனை மட்டும் வெட்டுகிறது, நியூட்ரல் வழியாகக் கசிவு போய்க்கொண்டே இருக்கிறது என்று நினைக்கிறேன். முடிவு உங்களுடையது, பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று முக்கியம். போன வாரம் கீசர் ஓடும்போது அம்மா குழாயைத் தொட்டதும் விரல் விறுவிறுத்தது என்றார்கள். ஒரே ஒருமுறைதான். ஆனாலும் எர்த் சரியாக வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். எலிமென்ட் மாற்றிக் கொடுத்துவிட்டு எர்த்தைப் பார்க்காமல் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெகரும் மல்டி மீட்டரும் கட்டாயம் எடுத்து வாருங்கள்.

கீசர் 15 லிட்டர், 2000 வாட், 230 வோல்ட், செங்குத்தாக மாட்டியது, 2017-ல் வாங்கியது. மெயினை இறக்கி, பிளக்கையும் உருவிய பிறகு அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியை மட்டும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு வட்டத் தகடு, சுற்றி 5 போல்ட். ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் தகட்டின் குறுக்களவு ஏறக்குறைய 9 செ.மீ. எலிமென்ட்டின் இரண்டு முனைகளில் ஒன்றைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அதற்கு நேர் மேலே தகட்டின் விளிம்பிலிருந்து துருத் தண்ணீர் வழிந்து காய்ந்த கோடு இருக்கிறது. கேஸ்கெட் வழியாகச் சொட்டி முனையில் ஈரம் படுகிறது போலிருக்கிறது. 2024 கோடையில் எங்கள் போர்வெல் வற்றியதிலிருந்து டேங்கர் தண்ணீர்தான் அதிகம். வாளியின் அடியில் சுண்ணாம்பு படிகிறது, எலிமென்ட்டின் மேலும் அப்படியே படிந்திருக்கும். போல்ட்டில் கைவைக்கவில்லை. தகடு, லேபிள், சாக்கெட், எம்.சி.பி. பெட்டி நான்கையும் படம் எடுத்துத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

அடுத்தது சாக்கெட். 16 ஆம்பியர் சாக்கெட்டின் வலது துளை பழுப்பாகக் கருகியிருக்கிறது, விரல் நகத்தால் சுரண்டினால் பிளாஸ்டிக் உதிர்கிறது. பிளக்கில் அதற்கு நேரான பித்தளைக் காலும் கறுத்திருக்கிறது. பிடி தளர்ந்து சூடாகியிருக்க வேண்டும். ஆகவே சாக்கெட்டோடு பிளக்கையும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி கருகும். சுவரில் பதித்திருப்பது 3 மாட்யூல் பெட்டி: சாக்கெட் 2, சுவிட்ச் 1. இந்தச் சுவிட்சுக்குப் பதிலாக இரண்டு லைனையும் வெட்டும் டபுள் போல் சுவிட்ச், இண்டிகேட்டர் உள்ளதாகப் போட விரும்புகிறேன். ஒரு மாட்யூல் அகலத்தில் இருந்தால்தான் பெட்டியில் அடங்கும், சுவரை உடைக்க வேண்டியிருக்காது.

ஆகவே கொண்டுவர வேண்டியவை: 2000 வாட் எலிமென்ட் (படத்திலுள்ள தகட்டுக்குப் பொருந்துவது), அதற்கான கேஸ்கெட், மக்னீசியம் ராடு, 16 ஆம்பியர் சாக்கெட்டும் பிளக்கும், டபுள் போல் சுவிட்ச். தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒவ்வொன்று கையில் வைத்திருங்கள், பழையவை சரியாக இருந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சாக்கெட்டுக்குள் ஒயரும் கருகியிருக்கலாம். வெட்டி இழுக்க 4 ஸ்கொயர் ஒயர் இரண்டு மீட்டர் போதும். ஸ்ரீராமபுரத்திலிருந்து வரும் வழியில் பி.வி.கே. ஐயங்கார் சாலையில் வாங்கினால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. மொத்தம் எவ்வளவு ஆகும் என்று வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உடனே பணம் அனுப்புகிறேன். பில் மட்டும் வேண்டும்.

தகட்டைக் கழற்றும்போது தொட்டியே ஓட்டையாகி இருப்பது தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். புதிய கீசர் வாங்கிக்கொள்கிறேன். வந்ததற்கான கூலி தனியாகத் தந்துவிடுகிறேன். சாக்கெட், சுவிட்ச், எர்த் வேலையை மட்டும் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

கீசருக்கு வரும் தண்ணீர் வால்வு நன்றாக மூடுகிறது, திருகிப் பார்த்துவிட்டேன். வடிக்க வாளியும் ரப்பர் குழாயும் எடுத்து வைத்திருப்பேன். ஐந்து படி ஏணி இருக்கிறது. கீசரின் அடிப்பாகம் தரையிலிருந்து ஆறரை அடி உயரத்தில் இருக்கிறது. லிஃப்ட் ஓடுகிறது, வண்டியைக் கேட்டுக்கு உள்ளேயே நிறுத்தலாம், காவலாளியிடம் சொல்லிவிட்டேன். 9 மணிக்கு வந்தால் நல்லது. அன்று காலையிலேயே ஃபிரிட்ஜைக் காலி செய்துவிடுவேன், மெயினை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இறக்கி வைக்கலாம்.

படங்களைப் பார்த்துவிட்டு எலிமென்ட் எந்த மாடல் என்று புரியவில்லையென்றால் இன்று இரவு எட்டு மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள். மூடியை மறுபடி கழற்றி, வேண்டிய அளவை எடுத்துச் சொல்கிறேன்.

மீனாட்சி