சித்திக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

அன்புள்ள சித்தி,

என் மகள் கல்யாணத்துக்கு உங்களை அழைக்காமல் விட்டுவிட்டேன். பட்டியல் எழுதியது நான், மறந்ததும் நான்தான்.

நேற்று ராத்திரி அந்த நோட்டை மறுபடி புரட்டினேன். நாலு பக்கம். தூரத்து உறவெல்லாம் இருக்கிறது, உங்கள் பெயர் மட்டும் இல்லை. யாரோ காட்டிய செல்போன் படத்தில்தான் கல்யாணத்தையே பார்த்தீர்கள் என்று கேட்டதும் கூசிப்போனேன். அவளுக்கு முதன்முதலில் தலைவாரிப் பின்னிவிட்ட கை உங்களுடையது.

வேலை நெருக்கடி, அது இது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாமா? திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். இப்போது பார்க்க மனமில்லை என்றாலும் சரி, நீங்கள் கூப்பிடும்வரை காத்திருக்கிறேன்.

என்னை மன்னித்துவிடுங்கள், சித்தி.

உங்கள் அக்கா மகன்