தமிழ்த்துறைக்கு லேசர் பிரிண்டர் வாங்க அனுமதி கோரி

கொழிஞ்சாம்பாறை
16.06.2025

அனுப்புநர்: பொறுப்பாசிரியர், தமிழ்த்துறை
பெறுநர்: கல்லூரி முதல்வர் அவர்கள்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா,

வணக்கம். நம் துறைக்குக் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் ஒன்று வாங்க அனுமதி கேட்டு இதை எழுதுகிறேன்.

துறையில் இருந்த இங்க்ஜெட் பிரிண்டர் இந்த ஜூனில் கல்லூரி திறந்தபோது வேலை செய்யவில்லை. ஏப்ரல், மே விடுமுறையில் மை காய்ந்து ஹெட் அடைத்துவிட்டது. போன வருடமும் இதே கதைதான். சுத்தம் செய்வதற்கே பாதி மை போனது.

அதனால் எல்லாவற்றுக்கும் வெளியே கடைக்குத்தான் ஓடுகிறோம். கடைப் பையனுக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும். சென்ற இன்டர்னல் வினாத்தாளில் ‘கொற்கை’ என்பது ‘ெகாற்கை’ என்று கொம்பு தனியே விழுந்து வந்தது. அவர் கண்ணுக்கு அது பிழையாகவே படவில்லை. நாற்பது தாளிலும் நான் பேனாவால் திருத்தினேன். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் எழுத்து தப்பும், சரி. ஆனால் தேர்வுக்கு முந்தின நாள் வினாத்தாள் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

செலவுக் கணக்கைச் சொல்கிறேன். மாதம் சுமார் 650 பக்கம், வேலை நடக்கும் பத்து மாதத்துக்கு 6,500 பக்கம் எடுக்கிறோம். கடையில் பக்கத்துக்கு 4 ரூபாய்; வருடத்துக்கு 26,000. இருபுறமும் தானாக அச்சிடும் லேசர் பிரிண்டர் 18,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 3,200 ரூபாய் டோனருக்கு 2,500 பக்கம் என்கிறார்கள். அது பக்கத்தில் ஐந்து சதவீதம் மட்டும் எழுத்து இருந்தால் வரும் கணக்கு. நம் வினாத்தாள்கள் நெருக்கமாக இருப்பதால் 2,000 என்றே எடுத்துக்கொண்டேன்: பக்கத்துக்கு 1.60. ஐந்நூறு தாள் கட்டு 280 ரூபாய். இருபுறமும் அச்சிட்டால் பக்கத்துக்கு 28 காசு. மின்சாரமும் சேர்த்து 2 ரூபாய் என்றே வைப்போம். வருடத்துக்கு 13,000 மிச்சம். ஒன்றரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும்.

மை டேங்க் பிரிண்டரில் பக்கச் செலவு இதைவிடக் குறைவு என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதிலும் மை திரவம்தான். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் மறுபடி அதே அடைப்பு வரும். டோனர் பொடி, காயாது. சூட்டில் உருகித் தாளில் ஒட்டுவதால் மழையில் நனைந்தாலும் எழுத்து கரையாது. வேலந்தாவளத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் குறிப்புகள் ஜூலை மழையில் நீலத் திட்டாகிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும்: சூடாகும்போது மின்சாரம் அதிகம் இழுக்கும் என்பதால் துறையின் சின்ன யூபிஎஸ்ஸில் இதை மாட்டக்கூடாது. ஜன்னலோரம் இருக்கும் பிளக் பாயிண்டைச் சரிபார்த்துத் தந்தால் போதும்.

மூன்று கடைகளின் கொட்டேஷனை இணைத்திருக்கிறேன். துறை ஒதுக்கீட்டில் 11,000 ரூபாய் மீதி இருக்கிறது. மிச்சம் 7,500 ரூபாயைப் பி.டி.ஏ. நிதியிலிருந்து தர ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆகஸ்ட் இன்டர்னலுக்கு முன் கைக்கு வந்தால், அந்த வினாத்தாளைத் துறைக்குள்ளேயே அடித்துவிடலாம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொறுப்பாசிரியர், தமிழ்த்துறை