கண்ணாடிக்கு அடியில்

பிளஸ் டூ வேதியியல் தேர்வுக்கு முந்தின ராத்திரி, தர்மபுரியில் ஆஸ்பத்திரி எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் நின்றேன். அம்மாவின் ஆபரேஷனுக்குக் காப்பீடு போட ரேஷன் கார்டும் ஆதாரும் இரண்டிரண்டு காப்பி கேட்டிருந்தார்கள். ஒன்பது நாளாக அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில்தான் படுக்கை. புத்தகம் பையில்தான் இருந்தது, பிரித்தது இரண்டே தடவை.

கடைக்காரர் போனில் பேசிக்கொண்டே, "மூடியைத் தூக்கி நீயே வை பாப்பா" என்றார். கண்ணாடி மேல் ஒரு தாள் குப்புறக் கிடந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. திருப்பினேன்.

38. (அ) நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைத் தருவி.

அதற்குமேல் படிக்கவில்லை. கடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"அடடா, அதை விட்டுட்டாங்களா? நாளைக்கு வர்றதுதானாம். சாயங்காலத்துல இருந்து பசங்க எடுத்துட்டுப் போறாங்க. மீதிப் பக்கமும் இங்கதான் இருக்கு. உனக்கும் போடவா? பக்கம் ரெண்டு ரூபாதான்."

ஆதாருக்கும் அதே ரேட்தான்.

கையில் இருபது ரூபாய் இருந்தது. "வேணாண்ணா" என்றேன். அதை வாங்கினால் விடிய விடியப் படிப்பேன், டிரிப் தீர்ந்தால்கூடக் கவனிக்க மாட்டேன் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பொய்தான். டிரிப்பை எட்டு மணிக்கே கழற்றிவிட்டார்கள். தாளைக் குப்புறவே மேசை மேல் வைத்துவிட்டு, ரேஷன் கார்டைக் கண்ணாடியில் விரித்தேன்.

அன்று ராத்திரி புத்தகத்தைப் பிரித்து, நெர்ன்ஸ்ட் வருகிற மின்வேதியியல் பாடத்தை மட்டும் தாண்டிப் போனேன். வேதிவினை வேகவியலில் மூன்றாவது பக்கம் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

காலையில் சித்தி வந்ததும் பாலக்கோடு பஸ் ஏறினேன். பத்து மணிக்கு வினாத்தாள் கொடுத்தார்கள். படித்துப் பார்க்கப் பத்து நிமிஷம். நான் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

நெர்ன்ஸ்ட் இருந்தது.

கொடுமை என்னவென்றால், ஐந்து மார்க் கேள்விகளில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். ஜனவரியிலேயே மூன்று தடவை எழுதிப் பார்த்தது. 'இது உன்னுடையதுதானே, எழுது' என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. பக்கத்து வரிசையில் ஒருத்தன் நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். கடைசியில் (ஆ) என்று போட்டேன். முதல்வகை வினை, அரைவாழ் காலம். நாலு வரி வந்தது. அதற்கப்புறம் மடக்கை எங்கே வரும் என்று தெரியாமல், அழித்து அழித்துத் தாளே நைந்துபோனது.

சாயங்காலம் வார்டில் அம்மா இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள், "எப்படிடி எழுதின?"

"ஒண்ணு தெரிஞ்சும் விட்டுட்டேம்மா."

"நேரம் பத்தலையா?"

"இல்ல, நேரமெல்லாம் இருந்துச்சு" என்று சட்னியை அவள் பக்கம் நகர்த்தினேன்.