பாவை விளக்கு

பதிவு எண்: 2011-37
காலம்: 19-ஆம் நூற்றாண்டு (1827 அல்லது 1887, பொறிப்பு காண்க)
இடம்: தஞ்சாவூர் வட்டாரம், பாணியை வைத்துக் கருதுவது

பொருள், செய்முறை: பித்தளை, மெழுகு வார்ப்பு. பாவையும் அகலும் ஒரே வார்ப்பு. பீடம் தனியே வார்த்து அடியில் தறையப்பட்டது. பித்தளை என்பது நிறத்தைக் கொண்டு சொன்னது, உலோகப் பகுப்பாய்வு நடக்கவில்லை.

அளவு: உயரம் 48.2, அகலம் 19.6 (முழங்கைக்கு முழங்கை), ஆழம் 22.4 செ.மீ. (பின்னல் முதல் அகலின் மூக்கு வரை). பீட விட்டம் 18.1 செ.மீ. எடை 6.72 கிலோ.

விவரம்: தாமரைப் பீடத்தில் நிற்கும் பெண், இரு கைகளிலும் அகல் ஏந்தியிருக்கிறாள். பக்கக் கொண்டை, மடிப்புச் சேலை. பின்னலின் ஒவ்வொரு புரியும் உளியால் தனித்தனியே கீறப்பட்டிருக்கிறது. முன்புறத்தைவிடப் பின்புறத்தில்தான் வேலைப்பாடு கூர்மையாக மிஞ்சியிருக்கிறது.

பொறிப்பு: பீடத்தைச் சுற்றி மூன்று வரி, தமிழ் எழுத்து, உளி வெட்டு, எழுத்து உயரம் 6–8 மி.மீ. மூலத்தில் புள்ளி இல்லை. வாசிப்புக்காக இங்கே சேர்த்தோம். எழுத்துப்பிழை மூலத்தில் உள்ளபடி.

உ விய ௵ தை ௴ ௰௨ ௳ /
மாரியம்மன் சன்னிதிக்கு [..]யி அம்மாள் /
உபையம் நிறை வீசை ௫

பகர அடைப்புக்குள் இரண்டு எழுத்து அழிந்துள்ளது. அந்த இடம் அகலின் மூக்குக்கு நேர் கீழே இருக்கிறது. எண்ணெய் சொட்டிய இடத்தையே அதிகம் தேய்த்துத் துலக்கியதால் கொடுத்தவரின் பெயர் போய்விட்டது. ஊகித்து நிரப்ப வேண்டாம். விய வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். தை 12 என்பது 1827 அல்லது 1887 ஜனவரி பிற்பகுதி. சக ஆண்டு பொறிக்கப்படாததால் இரண்டையும் தருகிறோம்.

வீசை சுமார் 1.4 கிலோ என்றால் ஐந்து வீசை 7 கிலோ. இன்றைய எடை ஏறக்குறைய 280 கிராம் குறைவு. இடத் தோளில் ஒடிந்த முளை ஒன்று இருக்கிறது. அங்கே கிளி இருந்திருக்க வேண்டும். தேய்மானத்தோடு அந்தக் கிளியும் சேர்ந்தால் இந்தக் குறைவு பொருந்துகிறது.

நிலை (14.03.2024): பொதுவில் உறுதி. கிளி இல்லை, முளையின் ஒடிவு முகமும் மற்றப் பரப்பைப் போலவே கறுத்திருப்பதால் பழைய ஒடிவு. மூக்கும் கன்னமும் புளி போட்டுத் துலக்கியதில் மழுங்கியவை. வல மணிக்கட்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய பழுது, 11 மி.மீ. மயிரிழை விரிசல் அதில் தெரிகிறது. அகலுக்குள் மெழுகுபோன்ற கரும்பச்சைக் களிம்பு: எண்ணெயும் செம்பும் சேர்ந்து உண்டானது, பரவாது, விளக்கு எரிந்ததற்குச் சான்றும்கூட, சுரண்டக் கூடாது. பீடத்தின் அடியில் தறையாணி அருகே 4 மி.மீ. வெளிர்பச்சைப் பொடிப்புள்ளி வேறு வகை. குளோரைடு அரிப்பாக இருக்கலாம். காற்று ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ் வைத்து, மாதம் ஒருமுறை அதே கோணத்தில் படமெடுத்து ஒப்பிட வேண்டும்.

கையாளல்: பீடத்தை இரு கையாலும் தாங்கித் தூக்கவும். அகலையோ கையையோ பிடித்தால் மணிக்கட்டு விட்டுப்போகும்.

வரவு: நன்கொடை, 2011. கொடுத்தவர் விருப்பப்படி பெயர் வெளியிடப்படவில்லை.