தொடரிணைப்பும் பக்க இணைப்பும்: ஓம் விதிப் பயிற்சித்தாள்

பத்தாம் வகுப்பு, அறிவியல் (மின்னோட்டவியல்)
நேரம்: 40 நிமிடங்கள். மதிப்பெண்கள்: 20

சென்ற வாரத் தேர்வில் பலரும் V = IR என்று சரியாக எழுதியிருந்தீர்கள். பிழை அடுத்த வரியில்தான் வந்தது. தொடரிணைப்பில் இருக்கும் பல மின்தடையாக்கிகளுள் ஒன்றுக்கு மட்டுமே மின்கலத்தின் முழு வோல்ட்டையும் கொடுத்துவிட்டீர்கள். R எந்த இரு முனைகளுக்கு இடையில் இருக்கிறதோ, V-யும் அதே இரு முனைகளுக்கு இடையில்தான் அளக்கப்பட வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் இந்த விதியை நூலாக வெளியிட்டார். அன்றைய மின்கலங்களின் மின்னழுத்தம் நிலையாக இல்லாததால், செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டையின் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து அளந்தார். உங்கள் மேசையில் நிலையான மின்கலம் இருக்கிறது. அந்த வசதி அவருக்கு இருக்கவில்லை.

தேவையான சூத்திரங்கள்

தொடரிணைப்பு: Rs = R1 + R2 + R3 (எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்)
பக்க இணைப்பு: 1/Rp = 1/R1 + 1/R2 + 1/R3 (எல்லாவற்றுக்கும் ஒரே மின்னழுத்த வேறுபாடு)

செய்து காட்டிய கணக்கு

1.5 V மின்கலங்கள் நான்கு தொடராக உள்ளன. மொத்தம் 6 V. அவற்றுடன் 5 Ω, 10 Ω, 15 Ω மின்தடையாக்கிகள் தொடராக இணைந்துள்ளன.

Rs = 5 + 10 + 15 = 30 Ω
I = 6 / 30 = 0.2 A
V1 = 0.2 × 5 = 1 V, V2 = 0.2 × 10 = 2 V, V3 = 0.2 × 15 = 3 V

சரிபார்ப்பு: 1 + 2 + 3 = 6 V. இந்தக் கடைசி வரியை ஒருபோதும் விடாதீர்கள். விடை தவறாக இருந்தால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது இந்த வரிதான்.

வினாக்கள்

(மின்சுற்றுப் படம் வரைந்த பிறகே கணக்கைத் தொடங்குக.)

1. ஆய்வகப் பெட்டியில் இரண்டு மின்தடையாக்கிகள் உள்ளன. ஒன்றின் பட்டைகள் பழுப்பு, கறுப்பு, பழுப்பு (100 Ω). மற்றதன் பட்டைகள் சிவப்பு, கறுப்பு, பழுப்பு (200 Ω). இவை 3 V மின்கல அடுக்குடன் தொடராக இணைக்கப்பட்டால் மின்னோட்டம் எவ்வளவு? ஒவ்வொன்றின் குறுக்கேயும் மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு? (3)

2. 6 Ω, 12 Ω மின்தடையாக்கிகள் 12 V மின்கல அடுக்குடன் பக்க இணைப்பில் உள்ளன. தொகுபயன் மின்தடை, மொத்த மின்னோட்டம், ஒவ்வொரு கிளையின் மின்னோட்டம் ஆகியவற்றைக் காண்க. (3)

3. 5 Ω, 50 Ω, 500 Ω பக்க இணைப்பில் உள்ளன. தொகுபயன் மின்தடை 5 Ω-ஐவிடக் குறைவா, கூடுதலா? கணக்கிடாமல் காரணம் கூறுக. (2)

4. 6 Ω, 12 Ω பக்க இணைப்பாகவும், அந்த இணைப்புடன் 2 Ω தொடராகவும் 9 V மின்கல அடுக்குடன் உள்ளன. ஒவ்வொரு மின்தடையாக்கியின் மின்னோட்டத்தையும் மின்னழுத்த வேறுபாட்டையும் காண்க. (5)

5. திருவிழாப் பந்தலில் 230 V இணைப்பில் 46 சிறு பல்புகள் தொடராகத் தொங்குகின்றன. எரியும்போது ஒவ்வொன்றின் மின்தடையும் 50 Ω. அது மாறாது எனக் கொள்க. (அ) மின்னோட்டம் எவ்வளவு? (ஆ) ஒரு பல்புக்கு எத்தனை வோல்ட்? (இ) ஒரு பல்பின் இழை அறுந்தால் அதன் இரு முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட்? (ஈ) அந்தப் பல்பை நீக்கிக் கம்பியை நேராக இணைத்தால் மற்ற ஒவ்வொன்றுக்கும் எத்தனை வோல்ட்? (4)

6. பக்க இணைப்பிலுள்ள 6 Ω, 3 Ω-க்கு ஒரு மாணவர் எழுதியது: 1/Rp = 1/6 + 1/3 = 1/2, ஆகவே Rp = 0.5 Ω. பிழையைத் திருத்தி, 6 V கொடுத்தால் வரும் மின்னோட்டங்களைக் கொண்டு உங்கள் விடையைச் சரிபார்க்க. (3)

விடைகள் (முடித்த பிறகு மட்டும் பார்க்கவும்)

1. I = 3 / 300 = 0.01 A, 1 V, 2 V.

2. Rp = 4 Ω; 3 A; 6 Ω-இல் 2 A, 12 Ω-இல் 1 A. மின்தடை குறைந்த கிளையில்தான் மின்னோட்டம் கூடுதல்.

3. குறைவு. 5 Ω-க்கு அருகே இன்னொரு கிளையைச் சேர்ப்பது மின்னோட்டத்துக்குக் கூடுதல் வழி திறப்பதாகும். (கணக்கிட்டால் ஏறத்தாழ 4.5 Ω.)

4. பக்க இணைப்பு 4 Ω; மொத்தம் 6 Ω; I = 1.5 A. 2 Ω: 1.5 A, 3 V. மீதி 6 V இரு கிளைகளுக்கும் பொது. 6 Ω: 1 A, 12 Ω: 0.5 A. இங்கே 6 Ω-க்கு 9 V என எழுதியவர்கள் முதல் பத்தியை மீண்டும் படியுங்கள்.

5. (அ) 230 / 2300 = 0.1 A. (ஆ) 5 V. (இ) 230 V. மின்னோட்டம் இல்லாததால் மற்ற 45 பல்புகளிலும் I × R = 0; முழு மின்னழுத்தமும் அறுந்த இடத்தில் நிற்கிறது. விளக்குகள் அணைந்திருந்தாலும் அங்கே விரல் பட்டால் உயிருக்கு ஆபத்து. பிளக்கைப் பிடுங்காமல் தொடவே கூடாது. (ஈ) 230 / 45 = 5.11 V. ஒவ்வொரு பல்பும் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடாகும்.

6. தலைகீழாக்க மறந்துவிட்டார்; Rp = 2 Ω. 6 / 6 = 1 A, 6 / 3 = 2 A, மொத்தம் 3 A; 6 / 2 = 3 A. இரண்டும் பொருந்துகின்றன.